தப்பு மேடமும் மாடி வகுப்பும்

அந்தப் பதிப்பகத்தில் எல்லாரும் சரியாக எழுதுவதற்குச் சம்பளம் வாங்கினார்கள். ஒரே ஒருத்தி தப்பாக எழுதுவதற்குக் கூலி வாங்கினாள். அதனால் அவளுக்குத் தப்பு மேடம் என்று பெயர் விழுந்துவிட்டது. வாசல் காவலாளியிலிருந்து கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் முதலாளி வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. பிறகு பழகிப்போய், தொலைபேசியை எடுத்தால் அவளே "தப்பு மேடம் பேசறேன்" என்று சொல்லிவிடுவாள். எதிர்முனையில் இருப்பவர் திகைத்துப் போவார்.

பதிப்பகம் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இங்கிலீஷ் பயிற்சிப் புத்தகம் போடுகிற இடம். புத்தகத்தின் கடைசியில் "பிழையைக் கண்டுபிடி" என்று ஒரு பகுதி வரும். அதில் ஒரு துண்டுதான் தப்பு மேடத்தின் ஆட்சி. இங்கிலீஷில் சில வினைச்சொற்களுக்குப் பின்னால் அப், அவுட், இன், ஆஃப் என்று குட்டிச் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அலுவலகத்தில் அதை வால் என்பார்கள். வால் மாறினால் பொருள் மாறும், அல்லது பொருளே இல்லாமல் போகும். வாலை மாற்றி ஒட்டி, சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதித் தருவது அவள் வேலை. வாக்கியத்துக்கு இவ்வளவு என்று கூலி. தள்ளுபடியான வாக்கியத்துக்குக் காலணாகூடக் கிடையாது.

தப்பாக எழுதுவதில் என்ன கஷ்டம், குழந்தைகூட எழுதுமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைச் சல்லடையின் முன்னால் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். சல்லடை என்பது அவள் எழுதியதைச் சலித்துப் பார்க்கும் பரிசோதகர். ஒல்லி மனுஷர். மூக்கின் நுனியில் கண்ணாடி. அவர் யாரையாவது பாராட்டினார் என்று அந்தக் கட்டடத்தில் ஒரு செங்கல்கூடச் சாட்சி சொல்லாது.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் "ஃபில் அண்டர் திஸ் ஃபார்ம்" என்று ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு போனாள். அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"எந்த வாய் இதைச் சொல்லும்?"

"தப்புதானே சார் கேட்டீங்க?"

"தப்பு கேட்டேன். கற்பனை கேக்கலை. விண்ணப்பத்தை ஃபில் அண்டர் பண்ணுன்னு உலகத்துல ஒருத்தனாவது சொல்லியிருக்கானா? இதைப் பார்த்த உடனே பையன் வட்டம் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுவான். காதுக்குச் சரின்னு படணும், ஆனா தப்பா இருக்கணும். அந்தத் தப்புதான் பரீட்சையில ஆளைக் கவுக்கும். போங்க, யாராவது பேசறதைக் கேட்டுட்டு வாங்க."

இதுதான் அந்த அலுவலகத்தின் முதல் சட்டம். தப்பு யார் வாயிலிருந்தாவது வந்திருக்க வேண்டும். பேருந்தில், வங்கியில், மருந்துக் கடையில், எங்கே கேட்டது என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். இரண்டாவது சட்டம், ஒரு வாக்கியத்தில் ஒரு தப்புதான் இருக்கலாம், அதுவும் ஒரே ஒரு சொல்லைத் தொட்டால் சரியாகிவிட வேண்டும். இதில் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைக்காரர் ஒருவர் "செக் அவுட் த மிஸ்டேக் பிஃபோர் யூ சப்மிட்" என்று சொல்லக் கேட்டு, அப்படியே எழுதிப் பெருமையாக நீட்டினாள். சல்லடை தலையை ஆட்டினார். பிழை இருக்கிறதா என்று தேடிப் பார் என்பதற்கு செக் ஃபார் மிஸ்டேக்ஸ் என்று வர வேண்டும். இவள் வாக்கியத்தைச் சரி பண்ண வேண்டுமானால் அவுட்டை எடுத்து ஃபார் போட வேண்டும், த-வை எடுக்க வேண்டும், ஒருமையைப் பன்மையாக்க வேண்டும். "ஒரு தப்புக்கு மூணு ஆபரேஷனா?" என்றார். அன்று முழுக்க மண்டையைக் குடைந்து "செக் அவுட் மிஸ்டேக்ஸ் பிஃபோர் யூ சப்மிட்" என்று மாற்றிய பிறகுதான் வாக்கியம் சல்லடையில் தேறியது. அவுட்டின் இடத்தில் ஃபார் வந்தால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம்.

மூன்றாவது சட்டம், முகம் கழுவுவது. கேட்டதைக் கேட்டபடியே அச்சில் ஏற்றக் கூடாது. இடத்தையும் ஆளையும் பொருளையும் மாற்றி, சொன்னவரே படித்தாலும் தன்னுடையது என்று கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிட வேண்டும். முன்பு யாரோ ஒருவர் முகம் கழுவாமல் விட்டு, ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வக்கீலோடு வந்து நின்றாராம். அதிலிருந்து முகம் கழுவாதவர்களுக்கு மறுநாள் வேலை இல்லை.

மற்ற சட்டங்கள் எல்லாம் அவளுக்குக் கை வந்துவிட்டன. முதல் சட்டம்தான் கழுத்தை அறுத்தது. தினம் தினம் புதுத் தப்புக்கு எங்கே போவது? பேருந்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் முறைக்கிறாள். வங்கியில் வேலையில்லாமல் நின்றால் காவலாளி வந்து என்ன வேண்டும் என்கிறான். அப்படித் தவித்துக்கொண்டிருந்தவளுக்கு, வற்றாத ஊற்று தன் வீட்டு மாடியிலேயே இருப்பது தெரிய நாளாயிற்று.

மாடியில் இருந்தது நாத்தனார். கணவருடைய தங்கை. கல்யாணம் ஒத்துவராமல் பெட்டியோடு திரும்பி வந்தவள், வந்த வேகத்தில் மாடியில் நாற்காலிகளைப் போட்டு "பேச்சு இங்கிலீஷ்" வகுப்பு ஆரம்பித்துவிட்டாள். வீடும் அவள் அப்பா அவள் பெயரில் எழுதி வைத்த வீடு. கீழே அண்ணன் குடும்பம் இருப்பது அவள் போட்ட பிச்சை. இதை அவள் நேரடியாக ஒரு நாளும் சொன்னதில்லை. தண்ணீர் மோட்டாரை யார் போட்டது, படிக்கட்டை யார் கூட்டுவது என்று எது பேசினாலும் பேச்சின் அடியில் அது கிடக்கும்.

நாத்தனாரின் இங்கிலீஷ் மழை மாதிரி கொட்டும். பயம், தயக்கம், மூச்சு வாங்குதல் ஒன்றும் கிடையாது. அந்தத் தைரியத்துக்குத்தான் ஆட்கள் பணம் கட்டிச் சேர்ந்தார்கள், வாயைத் திறக்கவே பயந்தவர்கள் அவளிடம் வந்து பேசக் கற்றுக்கொண்டார்கள் என்பதும் உண்மை. வால்கள் மட்டும் இடம் மாறி ஒட்டியிருக்கும். "அண்ணி, புட் ஆஃப் த லைட்" என்று மாடியிலிருந்து கத்துவாள். விளக்கை அணை என்பதற்கு புட் அவுட். ஆஃப் போட்டால் தள்ளிப் போடு என்று அர்த்தம். குறை சொல்ல வந்த ஒருவரிடம் "ஐ வில் லுக் ஆஃப்டர் யுவர் கம்ப்ளெய்ன்ட்" என்பாள். அங்கே வர வேண்டியது லுக் இன்டு. இவள் சொல்வதைப் பார்த்தால் குறையைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்க்கப் போகிறாள். கீழே அடுப்பின் முன் நிற்கும் தப்பு மேடத்துக்குச் சிரிப்பு வரும். பிறகு விளக்கை மெழுகுவத்தியாக மாற்றுவாள், குறையை வங்கி மேலாளர் கையில் கொடுப்பாள், முகம் கழுவிச் சல்லடையிடம் தருவாள். சல்லடை வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்வார். அவரிடம் அதுவே பொன்னாடை.

அதற்குப் பிறகு அவள் வேண்டுமென்றே நாத்தனாரின் வாயைப் பிடுங்க ஆரம்பித்தாள். காபியைக் கொண்டுபோய்க் கொடுத்து "இன்னிக்கு வகுப்பு எப்படிம்மா போச்சு?" என்று கேட்டால் போதும். நாத்தனார் அண்ணிக்கு மரியாதை தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் விடை நாற்காலி காலியாகும் என்ற செய்தி வந்தது. புத்தகத்தின் விடைகளை முடிவு செய்கிறவர் வயதாகி ஓய்வு பெறப்போகிறார். அவர் சொல்வதுதான் சரி, அவர் கையெழுத்துக்குப் பிறகு எதிர்ப்பேச்சு கிடையாது. மாதச் சம்பளம், நிரந்தர வேலை. முதலாளி தப்பு மேடத்தைக் கூப்பிட்டு, "இந்தப் புத்தகம் ஒரு புகாரும் இல்லாம வெளியே போகட்டும், நாற்காலி உங்களுக்குத்தான்" என்று வாயால் சொல்லிவிட்டார். சல்லடைக்கு அது பிடிக்கவில்லை. அந்த நாற்காலிக்கு அவர் பல வருஷமாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார்.

தப்பு மேடத்துக்கு அந்த நாற்காலி என்றால் தனி வீடு. இரண்டு அறை போதும், ஜன்னல் தெருவைப் பார்த்திருந்தால் இன்னும் நல்லது, தலைக்கு மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கவே கூடாது. வாடகை எவ்வளவு வரும் என்று கணவரிடம் சொல்லியும் ஆயிற்று. அவர் "பார்க்கலாம்" என்றார். தங்கை சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவர் வைத்திருந்த ஒரே பதில் அதுதான்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கணவரின் அலுவலக நண்பர்கள் மனைவிகளோடு வந்திருந்தார்கள். நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு நண்பரின் மனைவி தப்பு மேடத்தைப் பார்த்து, நீங்கள் இங்கிலீஷ் புத்தகம் எழுதுகிறீர்களாமே என்று ஆசையாகக் கேட்டாள். பதில் நாத்தனாரிடமிருந்து வந்தது.

"எழுதுவாங்க, எழுதுவாங்க. தப்புத் தப்பா எழுதுவாங்க! அதுக்குத்தான் அவங்களுக்குக் காசு. பேச மட்டும் சொல்லிடாதீங்க. எங்க அண்ணி வாயைத் திறந்தா உங்க குழந்தைங்க இங்கிலீஷும் கெட்டுடும்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், விருந்தாளிகள். கணவரும் சிரித்தார். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ வேண்டிய தட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவளை ஒரு நாள் நான் அச்சில் ஏற்றவில்லை என்றால் பார், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

நாத்தனார் புது வகுப்புக்கு நோட்டீஸ் அடித்திருந்தாள். தெருவில் ஒரு கம்பம் விடாமல் ஒட்டியிருந்தது. மஞ்சள் தாளில், கொட்டை எழுத்தில் ஒரே வரி: "ஃபில் அப் த ஃபார்ம் அண்ட் ஸ்டார்ட் ஸ்பீக்கிங் டுடே." தொட்டியில் தண்ணீரை, வண்டியில் எண்ணெயை ஃபில் அப் பண்ணலாம். விண்ணப்பத்தை ஃபில் இன் அல்லது ஃபில் அவுட் பண்ண வேண்டும் என்பதுதான் தேர்வுக்காரர்கள் ஒத்துக்கொள்ளும் விடை. பழைய ஆட்கள் ஃபில் அப் என்றே எழுதிப் பழகியவர்கள், வங்கியில் பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். காதுக்குச் சரியாகவே கேட்கும். அதனாலேயே சல்லடைக்கு உயிர். தப்பு மேடம் அந்த வரியை எடுத்தாள். ஃபார்மை மாற்றவில்லை, டுடேயை மாற்றவில்லை, ஒரு எழுத்தைத் தொடவில்லை. முகம் கழுவாமல் அப்படியே அனுப்பினாள். சல்லடை எந்தத் தெருவில் எந்தக் கம்பத்தைப் பார்த்தார்? வாங்கிக்கொண்டார்.

புத்தகம் வெளிவந்தது. நன்றாக விற்றது. மாடி வகுப்பில் ஒருத்தன் கடையில் அதை வாங்கிக்கொண்டு வந்து, வகுப்பு நடுவே கையைத் தூக்கி நோட்டீஸையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். நாத்தனார் புத்தகம்தான் தப்பு என்று அடித்துப் பேசினாள். அவன் பின்பக்கத்து விடையைத் திருப்பிக் காட்டினான். அந்த வாரமே மாடி நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. கம்பங்களில் இருந்த மஞ்சள் தாள்களில் யாரோ பேனாவால் அப்-ஐ அடித்து இன் என்று எழுதியிருந்தார்கள். தெரு முழுக்க, ஒரு கம்பம் விடாமல்.

தப்பு மேடத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், இரண்டு நாள் சோறு கூடுதலாக இறங்கியது. மூன்றாம் நாள் காலை நாத்தனார் படியிறங்கி வந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானே அண்ணி?"

"எது?"

"தெரியாத மாதிரி நடிக்காதீங்க. உங்க ஆபீஸுக்கே வர்றேன். உங்க முதலாளி முன்னாடி வச்சுக் கேக்கறேன். மூஞ்சியை எங்க வச்சுக்கறீங்கன்னு பார்க்கலாம்."

சொன்னபடியே வந்தாள். கண்ணாடி அறையில் முதலாளி, பக்கத்தில் சல்லடை. மேசை மேல் மஞ்சள் தாள், அதன் பக்கத்தில் விரித்த புத்தகம். தப்பு மேடத்தைக் கூப்பிட்டார்கள். மேசையைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது.

"என் பிழைப்பைக் கெடுத்துட்டாங்க சார்," என்றாள் நாத்தனார். "என் நோட்டீஸை அப்படியே எடுத்துப் போட்டு, தப்புன்னு முத்திரை குத்தியிருக்காங்க. இவங்க வேற யாரும் இல்லை, என் சொந்த அண்ணன் பெண்டாட்டி. இது தப்பே இல்லை சார். எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்றதாலதாம்மா புத்தகத்துல போடறோம்," என்றார் சல்லடை, அவளைப் பார்க்காமலே. பிறகு தப்பு மேடத்தின் பக்கம் திரும்பினார். மூக்கு நுனியில் கண்ணாடி, அதற்கு மேலே இரண்டு கண். அந்தக் கண்களில் அவர் இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த மகிழ்ச்சி தெரிந்தது. "சொல்லுங்க மேடம். இது எந்த வாய்?"

இந்தக் கேள்விக்கு அந்த அலுவலகத்தில் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. இவள் வாய்தான் என்று நாத்தனாரைக் கை காட்டலாம். காட்டினால் அடுத்த கேள்வி, ஏன் முகம் கழுவவில்லை? பழி வாங்கத்தான் என்று எப்படிச் சொல்வது? நாற்காலியும் போகும், கூலி வேலையும் போகும். கற்பனை என்று சொல்லலாம். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் கற்பனையை யார் நம்புவார்கள்?

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. மஞ்சள் தாளின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. பெட்டியோடு திரும்பி வந்த அன்றும் இப்படித்தான் முந்தானை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றக்கூட மறந்து நின்றாள். மாடி வகுப்பு போனால் இவளிடம் மிச்சமிருப்பது நான்கு சுவரும் ஒரு வாயும்தான். பாவமாக இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று தன் மேலேயே கோபமும் வந்தது. இவளுக்காக நான் ஏன் இரங்க வேண்டும்?

"என் வாய்தான் சார்," என்றாள்.

"என்னது?"

"அந்த நோட்டீஸை எழுதிக் குடுத்ததே நான்தான். அவளுக்கு நேரமில்லைன்னு என்னை எழுதச் சொன்னா. அப்ப அது தப்புன்னு எனக்கே தெரியாது. பின்னாடி தெரிஞ்சதும், நம்ம சொந்தத் தப்புதானேன்னு புத்தகத்துல போட்டேன். என் முகத்தை நானே எதுக்குக் கழுவணும்?"

நாத்தனாரின் வாய் திறந்தபடியே இருந்தது. அவள் வாய் திறந்தும் சத்தம் வராமல் இருந்ததைத் தப்பு மேடம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டப்படி குற்றம் இல்லை. நிஜ வாய், ஒரே தப்பு, சொந்த முகம். அடுத்த பதிப்பில் வாக்கியத்தை மாற்றிவிடுகிறேன் என்று நாத்தனாரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். தப்பு மேடம் மூச்சு விட்டாள். விட்ட மூச்சைத் திரும்ப இழுப்பதற்குள் சல்லடை பேசினார்.

"அப்ப விடை நாற்காலிக்கு இவங்க எப்படி சார்? தப்பைக் கேட்டுப் பிடிக்கிற காதுன்னு இல்லே இவங்களை நினைச்சிருந்தோம்? இப்பப் பார்த்தா, தப்பு சொல்ற வாயே இவங்களோடதுதான்! நோட்டீஸ்ல ஃபில் அப்னு எழுதினவங்க விடைக்குக் கையெழுத்துப் போட்டா, போட்டிக்காரன் சிரிக்க மாட்டானா?"

மாசக் கடைசியில் நாற்காலியில் சல்லடை உட்கார்ந்தார். தப்பு மேடத்துக்கு வாக்கியக் கூலியே தொடர்ந்தது. இரண்டு அறை வீட்டைப் பற்றிக் கணவரிடம் அவள் பிறகு பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

நன்றியை அவள் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பெரிதாக ஒன்றும் வேண்டாம். அன்றைக்கு வாசலில் ஒரு வார்த்தை, அல்லது மறுநாள் மாடியிலிருந்து கொஞ்சம் குரல் இறக்கி ஒரு "அண்ணி". ஒன்றும் வரவில்லை. நாத்தனார் இரண்டு நாள் கீழே இறங்கவே இல்லை. மூன்றாம் நாள் படிக்கட்டில் எதிரே வந்தபோது நின்று, "நான் கேட்டேனா உங்களை?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் காயும் துணியை எடுக்கத் தப்பு மேடம் படியேறினாள். வகுப்பறைக் கதவு பாதி திறந்திருந்தது. போன ஆட்களில் பாதிப் பேர் திரும்பி வந்திருந்தார்கள், புது முகங்களும் இருந்தன. புத்தகம் கொண்டு வந்த அதே ஆள் முதல் வரிசையில் இருந்தான். நாத்தனாரின் குரல் பழையபடி கணீரென்று கேட்டது.

"அந்த நோட்டீஸ் விஷயத்தை எல்லாரும் தெரிஞ்சுக்கங்க. அது நான் எழுதினதே இல்லை. எங்க அண்ணி எழுதிக் குடுத்தது. அவங்க முதலாளி முன்னாடி அவங்களே ஒத்துக்கிட்டாங்க, வேணும்னா போய்க் கேட்டுப் பாருங்க. பாவம், தப்பு எழுதி எழுதி அவங்களுக்கு அதுவே நாக்குல ஒட்டிக்கிச்சு. நல்ல இங்கிலீஷ் சொன்னாலும் இப்ப அவங்களுக்குப் புரியறதில்லை."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாத்தனாரும் சிரித்துவிட்டு, "எனிவே, வி வில் கோப் அப் வித் இட்," என்றாள்.

கோப் வித் என்றால் போதும். அங்கே அப்-க்கு வேலையே இல்லை. படிக்கட்டில் நின்றவளின் காதில் அந்த வால் தனியாக விழுந்தது. வேறு நாளாக இருந்தால் முகம் கழுவி நாளைக்கே கூலி வாங்கியிருப்பாள். இன்று அவள் உடம்பெல்லாம் கொதித்தது. இவளுக்காகவா நாற்காலியை விட்டேன்? இவளுக்காகவா சல்லடையை அந்த இடத்தில் உட்கார வைத்தேன்? உள்ளே போய் எல்லார் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம். யார் நம்புவார்கள்? முதலாளி முன்னால் தன்னைத் தானே தப்புக்காரி என்று சொல்லிக்கொண்டவள் ஆயிற்றே.

துணிக்கூடையைப் படியிலேயே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

சிரிப்பு நின்றது. நாத்தனார் சாக்பீஸோடு திரும்பினாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்லைம்மா. நானும் வகுப்புல சேரலாம்னு வந்தேன்."

"நீங்களா? எதுக்கு?"

"இப்பதானே சொன்னே, என் நாக்குல தப்பு ஒட்டிக்கிச்சுன்னு. எல்லாரும் கேட்டாங்களே." முதல் வரிசையில் இருந்தவர்களைப் பார்த்தாள். "எனக்கும் நல்ல இங்கிலீஷ் கத்துக்கணும்னு ஆசை இருக்காதா? இனிமே தினமும் வர்றேன். ஒரு நாள்கூட விட மாட்டேன். வீட்டுக்குள்ளயே இருக்கறதால எனக்கு மழை, வண்டி எந்தச் சாக்கும் கிடையாது."

நாத்தனார் உதட்டைக் கடித்தாள். வேண்டாம் என்று இத்தனை பேர் நடுவே எப்படிச் சொல்வது? அண்ணியை வகுப்பில் சேர்க்க மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். முன் வரிசையில் இருந்த ஆள் எழுந்து தன் நாற்காலியை மரியாதையாக நகர்த்திக் கொடுத்தான்.

தப்பு மேடம் உட்கார்ந்தாள். புடவையைச் சரி செய்துகொண்டாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறவளின் வாயையே பார்த்தாள். அவள் பிழைப்பே அந்தப் பார்வைதான். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரிகள் முறைத்தது இந்தப் பார்வைக்குத்தான்.

"ம், பாடத்தை நடத்தும்மா," என்றாள். "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

நாத்தனார் பலகையைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், முதல் சொல் உதடு வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டாள். மறுபடி எடுத்தாள், மறுபடி விழுங்கினாள். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாரும் கவனிங்க, இன்னிக்குக் கொஞ்சம் வேற மாதிரி சொல்லித் தர்றேன்," என்றாள்.

அன்று பேச்சு இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் தமிழிலேயே நடந்தது.